மது அருந்தாதவருக்கும் 'பாசிட்டிவ்' வருமா? மூச்சுச் சோதனையும் ரத்தச் சோதனையும் வேறு வேறு எண்களைக் காட்டுவது ஏன்?

மது அருந்தும் பழக்கமே இல்லாத ஒருவர் இரவு வாகனச் சோதனையில் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதுகிறார். திரையில் 64 என்று எண் வருகிறது. சட்டம் அனுமதிக்கும் அளவோ 30. அருகில் நிற்பவர்கள் அவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. வழக்கும் அபராதமும் ஒருபுறம் இருக்க, "நம் பிள்ளை குடித்திருக்கிறானா?" என்று வீட்டில் எழும் கேள்வி அதைவிடப் பெரிய வேதனை.

நம் குடும்பங்களில் வேன், லாரி, ஆம்னி பேருந்து, கால் டாக்ஸி ஓட்டுபவர்கள் ஏராளம். தினமும் பணியில் சேரும் முன் கருவியில் ஊதிக் காட்ட வேண்டிய வேலைகளில் இருப்பவர்களும் உண்டு. எனவே அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது, எப்போது தவறும், அந்தத் தவறை எப்படிக் கண்டுகொள்வது என்பதை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது. குடித்துவிட்டு ஓட்டுபவர் தப்பிக்கும் வழி எதுவும் இதில் இல்லை. குடிக்காதவர் தன்மீது விழுந்த பழியை எப்படி நீக்கிக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

கருவி ரத்தத்தை அளப்பதில்லை

குடித்த மது வயிறு, குடல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. அந்த ரத்தம் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைத் தொட்டுச் செல்லும்போது அதிலுள்ள ஆல்கஹாலின் ஒரு சிறு பகுதி ஆவியாகி மூச்சுக் காற்றில் சேர்கிறது. ரத்தத்தில் அதிகம் இருந்தால் மூச்சிலும் அதிகம் இருக்கும். குறைந்தால் அதற்கேற்பக் குறையும். கருவி அளப்பது இந்த மூச்சுக் காற்றிலுள்ள ஆல்கஹாலைத்தான்.

ஆனால் இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு பேசுவது ரத்தத்தின் அளவைப் பற்றி. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்பது 2019 திருத்தத்திற்குப் பிந்தைய நிலை. அப்படியானால் மூச்சில் அளந்ததை ரத்தக் கணக்காக மாற்ற வேண்டும். இந்த வேலையைக் கருவி தானே செய்துவிடுகிறது.

அதற்குக் கருவிக்குள் ஒரு எண் பதிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது 2100. அதாவது, 2100 மில்லி லிட்டர் மூச்சில் எவ்வளவு ஆல்கஹால் உள்ளதோ, அவ்வளவுதான் 1 மில்லி லிட்டர் ரத்தத்திலும் இருக்கிறது என்று கருவி எடுத்துக்கொள்கிறது. சில நாடுகள் 2000 என்றும், சில நாடுகள் 2300 என்றும் கணக்கிடுகின்றன. சிங்கப்பூரில் வரம்பு 100 மில்லி லிட்டர் மூச்சில் 35 மைக்ரோ கிராம், அல்லது 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லி கிராம். இவ்விரண்டையும் வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2300 கிடைக்கும்.

ஒரே மூச்சு, மூன்று விடை என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவரின் 1 லிட்டர் மூச்சில் 0.15 மில்லி கிராம் ஆல்கஹால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2000-ஆல் பெருக்கும் கருவி 30 என்று காட்டும். 2100-ஆல் பெருக்கும் கருவி 31.5 என்று காட்டும். 2300-ஆல் பெருக்கும் கருவி 34.5 என்று காட்டும். மூன்று கருவிகளும் பழுதில்லாதவை, மூன்றும் சரியாகவே அளந்தன. பெருக்கிய எண்தான் வேறு.

உண்மையான மனித உடலில் இந்த விகிதம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறுகிறது. உடல் சூடு கூடினால் மூச்சில் ஆவியாகும் அளவும் கூடும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் எண் சுமார் 6 முதல் 7 சதவீதம் வரை உயரும். ஆகவே காய்ச்சலில் இருப்பவருக்கு எண் சற்றுக் கூடுதலாகத் தெரியும். மூச்சை அடக்கி வைத்திருந்து ஊதினாலும் கூடும். அரைகுறையாக ஊதினால் நுரையீரலின் ஆழத்திலிருந்து காற்று வராததால் குறையும். எனவேதான் கருவி ஒலி எழுப்பும் வரை நிறுத்தாமல் ஊதச் சொல்கிறார்கள்.

திரையில் வரும் அலகையும் கவனிக்க வேண்டும். `mg/100ml` என்று இருந்தால் 30 தான் வரம்பு. `%BAC` என்று இருந்தால் அதே வரம்பு 0.030 என்று தெரியும். `mg/L` என்று இருந்தால் அது மூச்சின் அளவு, அதில் 0.14 என்பதே ஏறத்தாழ நமது 30-க்குச் சமம். எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அலகை விட்டுவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

எல்லாக் கருவியும் ஒன்றல்ல

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவிகளில் இருப்பது குறைக்கடத்தி உணரி. சூடேற்றப்பட்ட ஓர் உலோக ஆக்சைடுப் பரப்பில் வாயு படும்போது அதன் மின்தடை மாறுவதை வைத்து அது எண்ணைச் சொல்கிறது. ஆல்கஹால் மட்டுமல்ல, சிகரெட் புகை, அசிட்டோன், வேறு சில ஆவிகளும் அதை ஏமாற்றும். வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு அதை நம்பி ஒரு முடிவுக்கு வருவது சரியல்ல.

காவல்துறையும் நிறுவனங்களும் பயன்படுத்தும் தரமான கைக்கருவிகளில் பெரும்பாலும் 'ஃப்யூயல் செல்' எனப்படும் மின்வேதி உணரி இருக்கும். பிளாட்டினம் பூசிய பரப்பில் ஆல்கஹால் வேதிமாற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அது அளக்கிறது. ஆல்கஹால் எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். அசிட்டோன் இதை ஏமாற்றாது. ஆனால் சானிடைசரில் இருக்கும் ஐசோபுரொப்பனால் போன்ற வேறு ஆல்கஹால்களுக்கு இதுவும் எண் காட்டிவிடும்.

மூன்றாவது வகை, மேசைமேல் வைக்கும் அகச்சிவப்புக் கருவி. பல வெளிநாடுகளில் காவல் நிலையத்தில் வைத்துச் செய்யும் இறுதிச் சோதனைக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நோன்பு வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பதுண்டு. நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் மூச்சில் அசிட்டோன் வருமே, அதனால் கருவி தவறு செய்யுமா? ரமளான் நோன்பின் பகல் நேரப் பட்டினியில் உண்டாகும் அசிட்டோன் மிகக் குறைவு. ஃப்யூயல் செல் கருவி அதைக் கண்டுகொள்வதுமில்லை. ஆனால் பல நாட்கள் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர் உடலில் அந்த அசிட்டோனின் ஒரு பகுதி ஐசோபுரொப்பனாலாக மாறக்கூடும். மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்த ஒருவரின் காரை, அதில் பொருத்தப்பட்ட ஆல்கஹால் பூட்டு கிளம்ப விடாமல் தடுத்த நிகழ்வு 2007-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டை மீறி கீட்டோன் ஏறியவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாயில் தங்கிய ஆல்கஹால்

குடிக்காதவருக்குத் தவறான எண் வருவதற்கு முதன்மைக் காரணம் நுரையீரல் அல்ல, வாய். கருவி தன்னுள் வரும் காற்றை மட்டுமே அறியும். அந்த ஆல்கஹால் ரத்தத்திலிருந்து வந்ததா, கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டியிருந்து வந்ததா என்று கைக்கருவிக்குத் தெரியாது. வாயில் ஒட்டியிருக்கும் ஒரு துளி ஆவியானாலும், அதையும் நுரையீரல் காற்று என்று எண்ணி 2100-ஆல் பெருக்கிவிடும். அதனால்தான் இந்தத் தவறு சின்னதாக வராமல் பெரிய எண்ணாக வருகிறது.

அன்றாடம் நாம் பயன்படுத்தும் பலவற்றில் இது இருக்கிறது. மவுத்வாஷ்களில் சில ஆல்கஹால் கலந்தவை. ஹோமியோபதியின் திரவ மருந்துகள் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைக்கப்பட்டவை. சில இருமல் மருந்துகளிலும் வாய் ஸ்பிரேக்களிலும் உண்டு. கருவியைப் பிடித்திருப்பவர் கையில் சானிடைசர் ஈரம் காயாமல் இருந்தால் அதன் ஆவியும் போதும். நெரிசலான காருக்குள் ஸ்பிரே சென்ட் அடித்த உடனே ஊதுவதும் ஆபத்து.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஹோமியோபதி மருந்தின் பத்துச் சொட்டு என்பது சுமார் அரை மில்லி லிட்டர். அது முழுவதும் ரத்தத்தில் கலந்தாலும் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 1 மில்லி கிராம்கூடச் சேராது. ஆக அதனால் வரும் பெரிய எண் முழுக்க வாயின் வேலை. ஆனால் அரிஷ்டம் அப்படியல்ல. நொதிக்க வைத்துத் தயாரிக்கப்படும் இம்மருந்தில் தானே உண்டாகும் ஆல்கஹால் 10 சதவீதம் அளவுக்கும் இருக்கக்கூடும். 30 மில்லி லிட்டர் குடித்தால் ரத்தத்தில் 5 மில்லி கிராம் அளவுக்குச் சேரலாம். சாலைச் சட்டத்தின் 30-க்கு அது எட்டாது. ஆனால் பூஜ்யம் மட்டுமே ஏற்கப்படும் பணியிடங்களில் அது சிக்கல். இது கருவியின் தவறல்ல, உடலில் உண்மையாகவே இருக்கும் அளவு. பணிக்கு முன் இத்தகைய மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் மாற்று கேட்பதே வழி. மார்க்க ரீதியான கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடத்தில் தெரியும் உண்மை

வாயில் தங்கிய ஆல்கஹால் வேகமாக மறைந்துவிடும். உமிழ்நீரும் மூச்சும் அதை 10 முதல் 15 நிமிடத்தில் துடைத்துவிடும். ரத்தத்தில் கலந்த ஆல்கஹாலோ அப்படி மறையாது. கல்லீரல் அதைச் சிறிது சிறிதாகத்தான் சிதைக்கும். பெரும்பாலானோருக்கு மணிக்கு 10 முதல் 20 மில்லி கிராம் வரை, சராசரியாக 15 என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் குடித்தாலும் காபி குடித்தாலும் இந்த வேகம் கூடாது.

இப்போது இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் இரவு 11 மணிக்கு 64 என்று வருகிறது. முதலாமவர் சோதனைக்கு மூன்று நிமிடம் முன்பு வண்டியில் வைத்திருந்த ஹோமியோபதிச் சொட்டு மருந்தை நாக்கில் விட்டவர். இரண்டாமவர் குடித்தவர்.

11.10 மணிக்கு மீண்டும் ஊதுகிறார்கள். முதலாமவருக்கு 11, இரண்டாமவருக்கு 62. 11.20 மணிக்கு மூன்றாவது முறை. முதலாமவருக்கு 0, இரண்டாமவருக்கு 59. குடித்து சற்று நேரமே ஆகியிருந்தால் இரண்டாமவருக்கு எண் இறங்குவதற்குப் பதிலாக ஏறவும் செய்யலாம்.

64-லிருந்து 0-க்கு ரத்தம் இறங்க நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். இருபது நிமிடத்தில் அது இறங்க எந்தக் கல்லீரலாலும் முடியாது. ஆகவே முதலாமவரின் ரத்தத்தில் 64 எப்போதும் இருக்கவில்லை என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. தனியாக நிற்கும் ஒரு எண் இதைச் சொல்லாது. இரண்டாவது எண்ணும், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமும் சேர்ந்தால்தான் சொல்லும். 15 நிமிடம் எதையும் உண்ணாமல், குடிக்காமல், வாயில் வைக்காமல் காத்திருந்து சோதிக்க வேண்டும் என்ற நடைமுறை இதிலிருந்து வந்ததுதான்.

ரத்தச் சோதனையும் தவறலாம்

மூச்சுச் சோதனையை மோட்டார் வாகனச் சட்டமே ஆல்கஹால் இருப்பதற்கான ஓர் அறிகுறியைப் பெறும் சோதனை என்றுதான் விளக்குகிறது. அதன் முடிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். அதே சமயம், கருவி ஆல்கஹாலைக் காட்டிக் கைதானவரிடம் பதிவு பெற்ற மருத்துவர் மூலம் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க 204-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. வாயில் தங்கிய ஆல்கஹால் ரத்தத்தில் தெரியாது என்பதால் குடிக்காதவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதைச் சரியாக எடுக்க வேண்டும்.

ஊசி போடும் முன் தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது மருத்துவமனையில் வழக்கம். அந்த ஸ்பிரிட்டே ஆல்கஹால். இந்தச் சோதனைக்கு அதைப் பயன்படுத்தாமல் பொவிடோன் அயோடின் போன்ற வேறொன்றால் துடைக்க வேண்டும். எடுத்த ரத்தத்தைச் சோடியம் ஃப்ளோரைடு கலந்த குழாயில் வைக்க வேண்டும்; வழக்கமாக அதன் மூடி சாம்பல் நிறத்தில் இருக்கும். ஃப்ளோரைடு இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால் ரத்தத்தில் புகுந்த நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையை நொதிக்க வைத்து, குழாய்க்குள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கிவிடக்கூடும். சர்க்கரை நோயாளிகளின் மாதிரியில் இந்த ஆபத்து அதிகம். குழாயை நிரப்பி, மூடி, முத்திரையிட்டு, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும்.

ஆய்வகத்தில் நம்பகமான முறை 'கேஸ் குரோமட்டோகிராஃபி'. மூடிய குப்பியில் ரத்தத்தைச் சூடேற்றி, மேலே தேங்கும் ஆவியை ஒரு நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்துவார்கள். எத்தனால், ஐசோபுரொப்பனால், அசிட்டோன் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளிவருவதால் எது எவ்வளவு என்று பிரித்தறியலாம். சானிடைசரா, மதுவா என்ற குழப்பம் இங்கே தீர்ந்துவிடும்.

பல மருத்துவமனைகளில் சிகிச்சைக்காகச் செய்யும் சோதனை வேறு. அங்கே முழு ரத்தத்தை அளப்பதில்லை. அணுக்களைப் பிரித்தெடுத்த சீரத்தை அளக்கிறார்கள். சீரத்தில் நீர் அதிகம். ஆல்கஹால் நீரோடு சேர்ந்திருப்பதால் சீரத்தின் எண் முழு ரத்தத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாக வரும். சீரத்தில் 33 என்றால் முழு ரத்தத்தில் சுமார் 29 தான். சட்டம் சொல்லும் 30 ரத்தத்திற்கானது. அறிக்கையில் 'சீரம்' என்றிருக்கிறதா, 'முழு ரத்தம்' என்றிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் வரம்புக்கு உள்ளே இருப்பவர் வெளியே போய்விடுவார்.

நேரமும் முக்கியம். நம் உதாரணத்தில் முதலாமவருக்கு நள்ளிரவு 12 மணிக்கு ரத்தம் எடுத்து 'இல்லை' என்று வந்தால், ஒரு மணி நேரத்தில் 64 மறைய வழியில்லை என்பதால் அவர் குற்றமற்றவர் என்பது உறுதியாகும். அதே ரத்தத்தைக் காலை 5 மணிக்கு எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதனால் பயனில்லை. குடித்தவருக்கும் அந்த நேரத்திற்குள் மறைந்திருக்குமே என்ற வாதம் எழும்.

சோதனையில் நிற்கும்போது

ஊத மறுக்க வேண்டாம். தக்க காரணமின்றி மறுப்பது அரசுத் தரப்புக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்று 205-வது பிரிவு சொல்கிறது. பணிவாகப் பேசி, புதிய ஊதுகுழலைக் கேளுங்கள். ஊதுமுன் கருவியின் திரையில் பூஜ்யம் தெரிகிறதா என்று பாருங்கள். முன்னே ஊதியவரின் மிச்சம் உள்ளே இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மருந்தோ மவுத்வாஷோ பயன்படுத்தியிருந்தால் எண் வந்த பிறகல்ல, ஊதுவதற்கு முன்பே சொல்லுங்கள். மருந்துக் குப்பியையும் காட்டுங்கள்.

எதிர்பாராத எண் வந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் உட்பட எதையும் வாயில் வைக்காதீர்கள். பிறகு அதுவே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். அச்சிட்ட சீட்டில் இருக்கும் நேரம், எண், அலகு, கருவியின் வரிசை எண், கடைசியாக அளவு சரிபார்த்த தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்யூயல் செல் உணரி நாளடைவில் விலகக்கூடியது. அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி அதை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பதால் அந்தத் தேதிக்கு மதிப்பு உண்டு. எண் இறங்காவிட்டால் அல்லது மறுசோதனை கிடைக்காவிட்டால் தாமதமின்றி ரத்தப் பரிசோதனை கோருங்கள். கோரிய நேரத்தையும் எழுதி வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அந்த இரவில் தொலைபேசியில் அழைத்து, "நான் எதுவும் குடிக்கலை, ஆனா மெஷின் காட்டுது" என்று சொன்னால், திட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக வாயில் என்ன வைத்தாய்? இரண்டாவது தடவை ஊதினாயா, எத்தனை நிமிடம் கழித்து, என்ன எண்? அவர் சொல்வது உண்மையா என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கும்.